பிரேசஸ் போட்ட பல்லுக்கு முறுக்கை ஊறவைத்துக் கொடுக்கலாமா?

ஈசூன் அம்மா · 11 அக்டோபர் 2025, இரவு 9.40

என் மகன் உயர்நிலை 2-இல் படிக்கிறான். சென்ற டிசம்பரில் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் உலோகப் பிரேசஸ் போட்டோம். கீழ் இடதுபுறம், கோரைப்பல்லிலிருந்து இரண்டாவதாக இருக்கும் சின்னக் கடைவாய்ப்பல்லில் கம்பியைத் தாங்க ஒட்டியிருக்கும் பிராக்கெட் ஜூலையில் ஒருமுறை கழன்றது. செப்டம்பர் கடைசியில் அதே பல்லில் மீண்டும் கழன்றது. இரண்டு முறையும் கிளினிக்கில் கேட்ட முதல் கேள்வி, "கடினமாக என்ன சாப்பிட்டான்?" என்பதுதான். ஜூலையில் சாப்பிட்டது கடலை மிட்டாய் என்பதை அவனே சொன்னான். செப்டம்பரில் பள்ளிக் கேன்டீனில் மீ கோரெங் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை என்று உறுதியாகச் சொல்கிறான்.

தீபாவளி 20-ஆம் தேதி வருகிறது. என் மாமியார் முறுக்கும் தட்டையும் அதிரசமும் செய்யத் தொடங்கிவிட்டார். முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துக் கொடுத்தால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். இது சரியா? மேலும் ஒன்று. மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லில், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, சுண்ணாம்பு பட்டது போல ஒரு வெண்மை தெரிகிறது. அவன் காலையும் இரவும் தவறாமல் பல் துலக்குகிறான். பிறகு அது ஏன் வருகிறது?

பூன் லே வாசகர் · 11 அக்டோபர், இரவு 10.15

என் மகளுக்கும் பிரேசஸ் இருக்கிறது. ஒரே பல்லில் இரண்டு முறை கழன்றது என்றால் ஒட்டிய பசை சரியில்லை என்றே பொருள். வேறு பசையால் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். துலக்குவதைப் பொறுத்தவரை, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் கருவி ஒன்றை நாங்கள் வாங்கினோம். அதன் பிறகு கம்பிக்கு அடியில் பிரஷ் நுழைக்கும் தொல்லையே இல்லை. சிக்கியிருக்கும் சோற்றுப் பருக்கை எல்லாம் தொட்டியில் வந்து விழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தேக்கா பெரியவர் · 12 அக்டோபர், காலை 6.50

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை, அம்மா? நான் சாப்பிடும்போது என் கம்பிப் பல்லைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் பிரஷால் தேய்த்து மாட்டிக்கொள்வேன். தம்பியையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். முறுக்கு என்ன, கரும்பே கடிக்கலாம்.

தோ பாயோ வாய்நலச் சிகிச்சையாளர் · 12 அக்டோபர், பிற்பகல் 2.05

பெரியவரே, நீங்கள் சொல்வது கழற்றி மாட்டும் பல்செட்டுக்குப் பொருந்தும். அவர் மகனுக்கு இருப்பது பல்லின் மேல் ஒட்டப்பட்டது. சிகிச்சை முடியும் வரை அதை வீட்டில் எடுக்க முடியாது. அதனால்தான் இத்தனை பேச்சும்.

ஈசூன் அம்மாவுக்கு முதலில் இரண்டு கேள்விகள். செப்டம்பரில் பிராக்கெட் கழன்றபோது பல்லின் மேல் பசை தங்கியிருந்ததா, அல்லது பல் வழவழப்பாக இருந்ததா? அவனை இயல்பாகக் கடைவாயைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். மேல்பல்லின் முனை அந்தக் கீழ்ப் பிராக்கெட்டின் மேல் வந்து உட்காருகிறதா?

பூன் லே வாசகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எச்சில் பட்ட பல்லில் ஒட்டினால் பிடிக்காது. கீழ்க் கடைவாய்ப் பகுதியை ஈரமில்லாமல் வைத்திருப்பது கடினம் என்பதால் அங்கேதான் அதிகம் கழலும். ஆனால் அப்படிக் கழன்றால் பசை பெரும்பாலும் பிராக்கெட்டோடு வந்துவிடும், பல் வெறுமையாக இருக்கும். பசை பல்லிலேயே நின்று, பிராக்கெட் மட்டும் பெயர்ந்திருந்தால் பல்லில் பிடித்த பிடி நன்றாகவே இருந்திருக்கிறது, வெளியிலிருந்து ஏதோ நெம்பியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இன்னும் வலுவான பசை வேண்டும் என்று கேட்பதும் சரியான தீர்வாகாது. சிகிச்சை முடிந்ததும் எனாமலுக்குச் சேதமில்லாமல் பிராக்கெட்டை எடுத்தாக வேண்டும். ஆகவே மெல்லும் வேலையைத் தாங்கும் அளவுக்கும், ஒருநாள் எடுக்கும்போது விட்டுக்கொடுக்கும் அளவுக்கும்தான் அந்தப் பசை ஒட்டுகிறது.

ஈசூன் அம்மா · 12 அக்டோபர், இரவு 8.30

கழன்ற பிராக்கெட்டை ஒரு சிறு டப்பாவில் வைத்திருந்ததால் இப்போது எடுத்துப் பார்த்தேன். அதன் பின்புறம் வலை போன்ற உலோகம் அப்படியே தெரிகிறது, பசை ஏதுமில்லை. பல்லின் மேல் சொரசொரப்பாக ஏதோ இருப்பதாக அன்று அவன் நாக்கால் தடவிச் சொன்னதும் நினைவிருக்கிறது. இப்போது அதே இடத்தில் புதிதாக ஒட்டிய பிராக்கெட் இருக்கிறது. கடித்துக் காட்டச் சொன்னேன். மேல்பல்லின் கூர் அதன் மேல் விளிம்பைத் தொடுவது போலத்தான் தெரிகிறது. வலதுபுறம் அப்படி இல்லை, சிறிது இடைவெளி இருக்கிறது.

தோ பாயோ வாய்நலச் சிகிச்சையாளர் · 12 அக்டோபர், இரவு 10.50

அப்படியானால் மீ கோரெங் என்று அவன் சொன்னதை நம்புங்கள். மேல்பல் தொட்டுக்கொண்டே இருக்கும் பிராக்கெட்டுக்குக் கடலை மிட்டாய் தேவையில்லை, மென்மையான உணவை மெல்லும்போது விழும் சிறு சிறு இடிகளே நாளடைவில் போதும். அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்து, "மேல்பல் பிராக்கெட்டில் மோதுகிறது" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். கடைவாய்ப்பற்களின் மேல் சிறிய சிமெண்ட் மேடு வைத்துக் கடியைச் சற்றே உயர்த்துவார்கள். பல் நகர்ந்து மோதல் நீங்கியதும் அதை எடுத்துவிடுவார்கள்.

முறுக்குக்கு வருகிறேன். கடினமான துண்டு மேல்பல்லுக்கும் கீழ்ப் பிராக்கெட்டுக்கும் நடுவே ஆப்பாக இறங்குவதுதான் கழல்வதற்கு வழக்கமான காரணம். தேநீரில் ஊறிய முறுக்கின் மேற்புறம் குழைந்துவிடும், ஆனால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடம் உள்ளே கல்லாகவே இருக்கும். அதை நம்பிக் கடிப்பவன் இன்னும் அழுத்திக் கடிப்பான். முழுதாக ஊறிவிட்டால் உடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரைத் தேநீரில் குழைந்த அரிசி மாவு பிராக்கெட்டின் இறக்கைகளுக்கு அடியில் பசைபோல அப்பிக்கொள்ளும். வெண்மை தெரிகிறது என்று நீங்கள் சொன்ன இடத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. மாமியாரிடம் என் சார்பில் வணக்கம் சொல்லி, அவனுக்காகத் தனியே கொஞ்சம் வடை சுடச் சொல்லுங்கள்.

சாங்கி வாசகர் · 13 அக்டோபர், இரவு 11.20

நான் தேசிய சேவையில் இருக்கிறேன். எனக்கும் பிரேசஸ் உண்டு. என் நிலைமையைச் சொல்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். களப்பயிற்சிக்குப் போனால் சில நாட்களுக்குக் குழாயும் கண்ணாடியும் இருக்காது, இருட்டில் துலக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தில் வரும் பிஸ்கட் மிகக் கடினமானது. சென்ற முறை பிஸ்கட்டை எச்சரிக்கையாகத்தான் சாப்பிட்டேன், பிராக்கெட் கழன்றது பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபோது. கழன்ற பிராக்கெட் விழவில்லை, கம்பியிலேயே வளையம்போலச் சுழன்றுகொண்டு இருந்தது. முகாமுக்குத் திரும்பிய பின்தான் கிளினிக்குக்குப் போக முடிந்தது.

தோ பாயோ வாய்நலச் சிகிச்சையாளர் · 14 அக்டோபர், பிற்பகல் 1.15

சாங்கி வாசகரே, உங்கள் குறிப்பில் இருக்கும் ஒரு செய்தி எல்லோருக்கும் பயன்படும். கழன்ற பிராக்கெட் பெரும்பாலும் வாயை விட்டு வெளியே வருவதில்லை. ரப்பர் வளையம் அதைக் கம்பியோடு பிடித்திருப்பதால் பார்ப்பதற்கு ஒட்டியிருப்பது போலவே தோன்றும். வலியும் இருக்காது. பல வாரங்கள் யாருக்கும் தெரியாமல் போவது இதனால்தான். அந்த வாரங்களில் அந்தப் பல் நகராது, பிராக்கெட்டுக்கும் பல்லுக்கும் இடையே அழுக்கு படியும். இரவு துலக்கும்போது ஒவ்வொரு பிராக்கெட்டையும் பிரஷின் முனையால் மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தாலோ சுழன்றாலோ அது கழன்றுவிட்டது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் கம்பியின் நுனி முன்பைவிட நீண்டு குத்தினாலோ, மறுபுறம் கடைசிப் பல்லில் ஒட்டிய குழலிலிருந்து நழுவியிருந்தாலோ கம்பி நகர்ந்துவிட்டது என்று பொருள்.

களத்தில் கம்பி குத்தினால், அந்த இடத்தை உலர்த்தி, பிரேசஸ் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்தி வையுங்கள். வீட்டு வெட்டுக்கருவியால் கம்பியை வெட்டாதீர்கள், வெட்டிய துண்டு தொண்டைக்குள் போய்விடலாம். பிராக்கெட்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் அது தானே வெளியேறிவிடும். விழுங்கியபின் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, 995-ஐ அழைக்க வேண்டும்.

தண்ணீர் குறைவாக இருக்கும்போது துலக்குவது உண்மையில் எளிது. பற்பசையைத் துப்பிவிடுங்கள், கொப்பளிக்க வேண்டாம். வீட்டிலும் இரவில் அப்படித்தான் செய்ய வேண்டும், ஃபுளோரைடு பல்லில் தங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிஸ்கட்டைக் கையால் நொறுக்கிச் சூடான பானத்தில் முழுதாகக் கரையும் வரை விடுங்கள்.

பூன் லே வாசகர் · 14 அக்டோபர், இரவு 9.00

பசை பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். தண்ணீர்க் கருவி பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

தோ பாயோ வாய்நலச் சிகிச்சையாளர் · 14 அக்டோபர், இரவு 11.30

அது உணவுத் துணுக்குகளை வெளியேற்றும், ஈறு வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். ஆனால் பல்லைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியும் சோற்றுப் பருக்கை அன்று, பல்லின் மேல் ஒட்டிப் படரும் கிருமிப் படலம். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் படலத்தைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரை கிடைக்கும். கருவியைப் பயன்படுத்திய பின் மகளை அதை மென்று, பல்லில் பரப்பி, துப்பச் சொல்லுங்கள். மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஈசூன் அம்மாவின் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் கம்பி ஓடும் வழியிலேயே முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள். பிரஷ் பிராக்கெட்டின் முகத்தில் மோதி நின்றுவிடுகிறது. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் குறுகிய பட்டை தொடப்படுவதே இல்லை. அந்த இடத்தில் படலம் தங்கினால் நான்கு வாரத்திலேயே எனாமலிலிருந்து தாது கரைந்து வெண்மை தோன்றலாம். மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல்லில் இது அதிகம் வருகிறது. உங்கள் மகனுக்கும் அதே பல்தான்.

பிரஷை ஈறின் மேல் 45 டிகிரி சாய்த்து, பிராக்கெட்டின் ஈறுப் பக்க விளிம்பில் பாதியும் ஈறின் ஓரத்தில் பாதியும் படும்படி வைத்து, அங்கேயே சிறு அசைவாக அசைக்க வேண்டும். பிறகு பிரஷைத் திருப்பி, கடிக்கும் பக்கத்திலிருந்து பிராக்கெட்டின் மறு விளிம்பைத் தேய்க்க வேண்டும். இதை ஒவ்வொரு பல்லுக்கும் செய்த பின், சின்னப் பல்லிடைப் பிரஷைக் கம்பிக்குப் பின்னால் மேலிருந்து ஒருமுறையும் கீழிருந்து ஒருமுறையும் நுழைத்து, பிராக்கெட்டின் இரண்டு பக்கச் சுவரையும் தேய்க்க வேண்டும். திணிக்கக் கூடாது, நுழையவில்லை என்றால் ஓர் அளவு சிறியதை வாங்குங்கள். நன்றாகச் செய்தால் பத்து நிமிடமாவது ஆகும். இரவு ஒருவேளை இப்படிச் செய்தால் போதும், காலையில் பிரஷ் மட்டும் போதுமானது.

ஈறில் இரத்தம் வந்தால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். அது நேர்மாறான செயல். வீங்கிய ஈறு பிராக்கெட்டை நோக்கி இறங்கி, பிரஷ் போக வேண்டிய பட்டையை இன்னும் குறுக்கிவிடும். தொடர்ந்து மென்மையாகத் தேய்த்தால் ஓரிரு வாரத்தில் இரத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் காட்டுங்கள்.

ஈசூன் அம்மா · 16 அக்டோபர், இரவு 10.05

கிளினிக் நேற்றே நேரம் கொடுத்தது. பல் மருத்துவர் மெல்லிய நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னார். பிராக்கெட்டின் மேல் விளிம்பில் நீலப் புள்ளி தெளிவாக விழுந்தது. கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரண்டின் மேல் நீல நிறச் சிமெண்ட் மேடு வைத்திருக்கிறார். மற்றப் பற்கள் சேராததால் மெல்லவே முடியவில்லை என்று முதல்நாள் முழுதும் சொன்னான். இட்லியும் கஞ்சியும் கொடுத்தேன்.

வெண்மையைக் காற்றால் உலர்த்திப் பார்த்தார். உலர்ந்ததும் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. மேற்பரப்பு உடையவில்லை, குழி விழவில்லை, ஆகவே அடைக்கத் தேவையில்லை என்றார். 0.05 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு உள்ள கொப்பளிப்பு நீரைப் பள்ளியிலிருந்து வந்ததும் பயன்படுத்தச் சொன்னார். துலக்கும் நேரத்தில் வேண்டாம், வேறொரு நேரத்தில் என்றால்தான் பல்லுக்கு ஃபுளோரைடு இன்னொரு வேளை கிடைக்கும் என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. பிரேசஸ் எடுத்த பிறகு அந்த வெண்மை போய்விடுமா? பால் புரதம் கலந்த களிம்பு ஒன்றை என் தோழி சொல்கிறார்.

பூன் லே வாசகர் · 17 அக்டோபர், இரவு 9.45

சிவப்பு மாத்திரைச் சோதனையைச் செய்தோம். தண்ணீர்க் கருவியை மட்டும் பயன்படுத்திய இரவில், ஏறத்தாழ எல்லா மேல்பற்களிலும் பிராக்கெட்டுக்கு மேலே சிவப்புப் பட்டை நின்றது. மறுநாள் நீங்கள் சொன்ன முறையில் பிரஷ் போட்டபின் கோரைப்பல்லில் மட்டும் நின்றது, பல் வளையும் இடத்தில் பிரஷின் தலை ஒட்டவில்லை. ஒற்றைக் கொத்து பிரஷ் வாங்கியிருக்கிறேன். கருவியை முதலிலும் பிரஷைப் பிறகும் பயன்படுத்துவதாக இப்போது முடிவு.

ஒரு குழப்பம் மட்டும் இருக்கிறது. மகளின் ரப்பர் வளையங்கள் மஞ்சளாகிவிட்டன, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அதுவும் படலமா?

தோ பாயோ வாய்நலச் சிகிச்சையாளர் · 18 அக்டோபர், பிற்பகல் 3.30

இல்லை, அது குழம்பிலிருக்கும் மஞ்சள். நிறமற்ற ரப்பர் வளையம் ஒரே ஒரு மீன் தலைக் கறிக்கே மஞ்சளாகிவிடும். அதைப் போக்கவென்று தேய்க்க வேண்டாம், தேய்த்தாலும் போகாது. அடுத்த சந்திப்பில் மாற்றும்போது சாம்பலோ கருநீலமோ கேட்டுக்கொள்ளட்டும். பல்லும் பிராக்கெட்டும் மஞ்சளாகாமல் வளையம் மட்டும் மஞ்சளாக இருந்தால் கவலை வேண்டாம்.

ஈசூன் அம்மா, வெண்மை பெரும்பாலும் முழுதாகப் போவதில்லை. பிரேசஸ் எடுத்தபின் முதல் சில மாதங்களில் எச்சிலும் பற்பசையும் சேர்ந்து அதை ஓரளவு மங்கச் செய்யும், பிறகு வேகம் குறையும். பால் புரதக் களிம்பு சாதாரண ஃபுளோரைடு பற்பசையைவிடக் கூடுதலாகப் பயன் தருகிறதா என்பதில் பல் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நான் பணிபுரிந்த இடத்திலேயே ஒருவர் கொடுப்பார், ஒருவர் கொடுக்கமாட்டார். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது கூடாது. இப்போதைக்கு வெண்மை பெரிதாகாமல் நிறுத்துவதே நம் கையில் இருக்கிறது.

அதற்குத் தீபாவளி நாளில் ஒரு வழி. அதிரசம் மென்மையானதுதான், கம்பியை உடைக்காது, ஆனால் வெல்லம். விருந்தினர் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் போல வாயில் அமிலம் நிற்கும், நாள் முழுதும் பல் அதில் ஊறும். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே முறை கொடுங்கள், பிறகு குழாய்த் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கட்டும். பண்டுங்கும் பபிள் டீயும் அதே கணக்குத்தான், மணிக்கணக்கில் உறிஞ்சுவதுதான் கெடுதல். அவற்றிலுள்ள ஐஸ் கட்டியைக் கடிக்கும் பழக்கம் பிராக்கெட்டுக்கு முறுக்கை விடக் கொடியது, ஏனென்றால் அதை உணவு என்றே யாரும் எண்ணுவதில்லை.

தேக்கா பெரியவர் · 18 அக்டோபர், மாலை 5.10

நான் பல்செட்டை நினைத்துச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை. ஆட்டுக்கறி எலும்பும் முருங்கைக்காயும் எப்படி?

சாங்கி வாசகர் · 18 அக்டோபர், இரவு 10.40

பெரியவருக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முருங்கைக்காயைக் கரண்டியால் பிளந்து சதையை மட்டும் வழித்துச் சாப்பிடுகிறேன், சக்கையைப் பல்லால் இழுத்தபோது நார் கம்பியில் சுற்றிக்கொண்டது. சாத்தேயை முள்கரண்டியால் குச்சியிலிருந்து தட்டில் உருவி விடுகிறேன். எலும்பு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டேன். கொய்யாவை மெல்லிய துண்டுகளாக அரிந்தாலும் விதைதான் சிக்கல், அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். மொறுமொறுப்பான பராட்டா விளிம்பைக் குழம்பில் தோய்த்தால் தொந்தரவு இல்லை.

ஈசூன் அம்மா · 22 அக்டோபர், இரவு 9.20

தீபாவளி முடிந்தது. மாமியார் வடையும் கேசரியும் செய்தார். முறுக்கில் ஒன்றை இடித்துத் தூளாக்கித் தயிரில் கலந்து கொடுத்தார், அதை நான் தடுக்கவில்லை. பிராக்கெட் இருக்கிறது. நேற்றிரவு பிரஷின் முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது, மேல் வலதுபுறம் கடைசிப் பல்லில் கம்பி நுனி முன்பைவிட நீண்டிருப்பதாக அவன் சொன்னான். எதுவும் கழலவில்லை. இது கம்பி நழுவியதா, அல்லது முன்பற்கள் நேராகிக் கம்பி பின்னால் தள்ளப்பட்டதா?

தோ பாயோ வாய்நலச் சிகிச்சையாளர் · 23 அக்டோபர், பிற்பகல் 12.45

இரண்டும் நடக்கும். மேல் இடதுபுறக் குழலின் பின்பக்கத் துளையைப் பாருங்கள். அங்கே கம்பி நுனி தெரியாமல் துளை காலியாக இருந்தால் கம்பி வலப்பக்கம் நழுவிவிட்டது, இந்த வாரமே போக வேண்டும். இடதுபுறமும் நுனி தெரிந்தால் பெரும்பாலும் பற்கள் சேர்ந்ததால் வந்த மிச்சக் கம்பிதான். மெழுகு வைத்துக்கொண்டு, தொலைபேசியில் கிளினிக்குக்குச் சொல்லி, அவர்கள் எப்போது வரச் சொல்கிறார்களோ அப்போது போய் வெட்டிக்கொண்டால் போதும்.

ஈசூன் அம்மா · 23 அக்டோபர், இரவு 8.55

இடதுபுறமும் நுனி தெரிகிறது. மெழுகு வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.